அங்கே அதிகாலை நான்கு மணி, இங்கே எத்தனை?

ஆன்லைன் விளையாட்டுகள் பலவற்றில் தினமும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் கணக்கு புதிதாகத் தொடங்கும். அன்றைய வேலைப் பட்டியல் அழிந்து புதுப் பட்டியல் வரும். முடிக்காமல் விட்ட வேலைக்கான பரிசும் அதோடு போய்விடும். ஆடுபவர்கள் இதை ‘டெய்லி ரீசெட்’ என்கிறார்கள். இது நம் ஊர் நள்ளிரவில் நடக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். சர்வர் எந்தக் கடிகாரத்தைப் பின்பற்றுகிறதோ, அந்தக் கடிகாரப்படிதான் விளையாட்டில் பொழுது விடியும்.

அந்த நேரத்தை நம் நேரத்துக்கு மாற்றுவது வெறும் கூட்டல் கழித்தல்தான். ஆனாலும் பலருக்கு விடை தவறிவிடுகிறது. எவ்வளவு நேரம் தவறியது என்று பார்த்தாலே, எந்த இடத்தில் தவறியது என்றும் சொல்லிவிடலாம். ஒரு விளையாட்டை எடுத்துக்கொண்டு முழுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம்.

மூன்று சர்வர், மூன்று விடியல்

ஷாங்காய் நிறுவனம் ஒன்று 2020 செப்டம்பரில் வெளியிட்ட ‘ஜென்ஷின் இம்பாக்ட்’ நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் நன்கு தெரிந்த விளையாட்டு. அதில் அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா என்று தனித்தனி சர்வர்கள் உண்டு. தைவான், ஹாங்காங், மக்காவ் பகுதிகளுக்கு என்று இன்னொன்றும் இருக்கிறது. ஆடத் தொடங்கும்போதே ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். ஒரு சர்வரில் சேர்த்ததை இன்னொன்றுக்குக் கொண்டுபோக வழியில்லை. டெக்சஸில் இருக்கும் சித்தி மகனோடு சேர்ந்து ஆடுவதற்காக அமெரிக்க சர்வரில் தொடங்கிய சென்னைப் பையனுக்கு, அவன் அந்த விளையாட்டை ஆடும்வரை அமெரிக்கக் கடிகாரம்தான்.

எல்லா சர்வர்களிலும் ரீசெட் அதிகாலை 4 மணிக்கு. ஆனால் அது அந்தந்த சர்வரின் 4 மணி. நள்ளிரவு தாண்டியும் ஆடிக்கொண்டிருப்பவர்களுக்கு நடுவில் நாள் மாறிவிடாமல் இருக்க இது வசதி. அமெரிக்க சர்வரின் கடிகாரம் `UTC-5`, ஐரோப்பாவுக்கு `UTC+1`, ஆசியாவுக்கு `UTC+8`. யுடிசி என்பது உலகம் முழுவதற்கும் பொதுவான நேரம். இந்தியாவும் இலங்கையும் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கின்றன.

இனி கணக்கு. இரண்டே படிகள். முதலில் சர்வர் நேரத்தை யுடிசிக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு அதோடு ஐந்தரையைக் கூட்ட வேண்டும். அமெரிக்க சர்வரை எடுத்துக்கொண்டால், அது யுடிசியைவிட 5 மணி நேரம் பின்தங்கியது. அங்கே 4 மணி ஆகும்போது யுடிசியில் காலை 9. அதோடு ஐந்தரை சேர்த்தால் பிற்பகல் 2.30. ஐரோப்பிய சர்வர் யுடிசியைவிட 1 மணி நேரம் முந்தியது. அங்கே 4 என்றால் யுடிசியில் 3, நமக்குக் காலை 8.30. ஆசிய சர்வர் 8 மணி நேரம் முந்தியது. அங்கே 4 என்றால் யுடிசியில் முந்தைய நாள் இரவு 8. ஐந்தரை கூட்டினால் நமக்கு நள்ளிரவுக்குப் பின் 1.30.

பத்து மணி நேரப் பிழை

இந்தக் கணக்கில் அதிகம் பேர் தவறுவது முதல் படியில். `UTC-5` என்பதில் கழித்தல் குறியைப் பார்த்ததும் 4-இலிருந்து 5-ஐக் கழித்துவிடுகிறார்கள். முந்தைய நாள் இரவு 11 வருகிறது. ஐந்தரை கூட்டி, ரீசெட் நமக்கு அதிகாலை 4.30 என்று முடிவு செய்கிறார்கள். சரியான விடை பிற்பகல் 2.30. வித்தியாசம் சரியாகப் பத்து மணி நேரம். அதாவது அந்த 5-இன் இரட்டிப்பு. குறியை மாற்றிப் போட்டால் பிழை எப்போதும் இப்படி இரட்டிப்பாகத்தான் வரும். ஆசிய சர்வரில் இதே தவறைச் செய்தால் பதினாறு மணி நேரம் தள்ளிப்போகும்.

குறி சொல்வது சர்வர் யுடிசிக்கு முன்னே இருக்கிறதா, பின்னே இருக்கிறதா என்பதை மட்டுமே. நாம் சர்வரிலிருந்து யுடிசிக்குத் திரும்பி வருகிறோம். அதனால் பின்னே இருந்தால் கூட்ட வேண்டும், முன்னே இருந்தால் கழிக்க வேண்டும்.

அரை மணி நேரம் மட்டும் இடிக்கிறது என்றால் காரணம் வேறு. பெரும்பாலான நாடுகளின் நேரம் யுடிசியிலிருந்து முழு மணிகளில் விலகியிருக்கிறது. நமக்கோ ஒரு அரை மணி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவசரத்தில் 5 மட்டும் கூட்டினால் 2 மணி வரும். அந்த அரை மணி நேரம் ஆட்டத்தில் சும்மா காத்திருப்பதுதான் விளைவு.

ஒரு மணி நேரப் பிழை

பிழை சரியாக ஒரு மணி நேரம் என்றால் கோடைக் கடிகாரத்தைச் சந்தேகிக்க வேண்டும். அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை திரும்ப இழுக்கிறார்கள். ஐரோப்பாவில் இது மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, சீனா, ஜப்பான் ஆகிய நாடுகளில் இந்த வழக்கம் இல்லை.

ஜென்ஷின் அமெரிக்க சர்வரும் கோடைக்காக அசைவதில்லை. வருடம் முழுக்க `UTC-5`-தான். ஆனால் ஜூலையில் ஒருவர் கைபேசியில் நியூயார்க் நேரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டால், அங்கே 4 மணி ஆகும்போது நமக்குப் பிற்பகல் 1.30. ரீசெட் ஆகிவிட்டது என்று நினைத்து உட்கார்ந்தால் பழைய பட்டியலே இருக்கும். அன்று நியூயார்க்கில் ரீசெட் நடப்பது காலை 5 மணிக்கு. நாட்டின் கடிகாரம் மாறியது, சர்வரின் கடிகாரம் மாறவில்லை.

எல்லாரும் இப்படியே நடந்துகொள்வதும் இல்லை. வாஷிங்டன் மாநிலத்து பெல்வியூ நகரில் இரண்டு பெரிய விளையாட்டு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒன்று ‘டெஸ்டினி 2’-ஐ உருவாக்கிய பங்ஜி. மற்றது ‘ஸ்டீம்’ கடையை நடத்தும் வால்வ். டெஸ்டினி 2 ரீசெட் யுடிசி 17 மணியோடு கட்டப்பட்டிருக்கிறது. அதனால் பெல்வியூக்காரர்களுக்குக் கோடையில் காலை 10, குளிர்காலத்தில் காலை 9. நமக்கோ வருடம் முழுக்க இரவு 10.30. ஸ்டீமின் தள்ளுபடி விற்பனைகள் உள்ளூர்க் கடிகாரத்தின் காலை 10 மணியைப் பிடித்துக்கொண்டு தொடங்குகின்றன. அவர்களுக்கு நேரம் மாறாது. நமக்குத்தான் கோடையில் இரவு 10.30, குளிர்காலத்தில் 11.30 என்று மாறும். ஒரே ஊரிலிருந்து வரும் இரண்டு நேரங்களில் எது நகரும், எது நகராது என்பதை ஊரின் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. அறிவிப்பில் யுடிசி என்று இருக்கிறதா, ஊர் நேரம் என்று இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

சென்னையிலிருந்து டொராண்டோவுக்குக் குடிபோன ஒருவர் பழைய ஆசிய சர்வரிலேயே ஆடினால் நிலைமை இன்னும் வேறு. சர்வர் அசையாது, ஆனால் அவர் வீட்டுக் கடிகாரம் அசையும். ரீசெட் அவருக்குக் கோடையில் மாலை 4 மணி, குளிர்காலத்தில் 3 மணி.

ஒரு நாள் எங்கே போயிற்று?

மணியைச் சரியாகக் கண்டுபிடித்தவர்களும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அமெரிக்க சர்வரின் செவ்வாய்க்கிழமை நமக்குச் செவ்வாய் பிற்பகல் 2.30-க்குத் தொடங்கி புதன் பிற்பகல் 2.30 வரை நீள்கிறது. ஒரு மாணவி செவ்வாய் மாலை 6 மணிக்கு ஆடி அன்றைய வேலைகளை முடிக்கிறாள். புதன் மாலை டியூஷன் இருப்பதால் அன்று காலை 8 மணிக்கே உட்காருகிறாள். புதுப் பட்டியல் வந்திருக்காது. விளையாட்டுக்கு இன்னும் செவ்வாய்தான். அடுத்து அவள் வியாழன் மாலை 6 மணிக்கு வரும்போது விளையாட்டின் புதன்கிழமை முழுதும் கடந்து போயிருக்கும். நம் காலண்டரில் தினமும் ஆடியவள், சர்வரின் காலண்டரில் ஒரு நாளைத் தவறவிட்டிருக்கிறாள். ஜென்ஷினில் தினசரி வேலைகளை முடித்தால் கிடைக்கும் 60 ப்ரைமோஜெம்களும் போய்விட்டன. புதன் காலை 8 மணிக்குப் பதிலாக இரவு 9 மணிக்கு வந்திருந்தால் இந்த இழப்பு இல்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. செவ்வாய் காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் உட்கார்ந்தால் இரண்டு நாள் வேலை ஒரே நாளில் முடிந்துவிடும். ஊருக்குப் போகிறவர்களுக்கு இது கைகொடுக்கும்.

ஒரே விளையாட்டுக்குள் எல்லாம் ஒரே நேரத்தில் புதுப்பிக்கப்படும் என்றும் நினைத்துவிடக் கூடாது. ஹோயோலேப் தளத்தில் தினமும் வருகைப் பதிவு செய்தால் ஜென்ஷினுக்குச் சிறு பரிசு கிடைக்கும். அந்தப் பதிவின் நாள் எந்த சர்வரானாலும் சீன நேர நள்ளிரவில் மாறுகிறது. நமக்கு அது இரவு 9.30.

சரிபார்க்க எளிய வழி

கணக்கு போட்டாயிற்று, சரியா என்று எப்படி அறிவது? ரீசெட்டுக்கு எவ்வளவு நேரம் மிச்சம் என்று பல விளையாட்டுகள் தினசரி வேலைகள் பக்கத்திலேயே காட்டும். அந்த எண்ணுக்கு எந்த நாட்டு நேரமும் தெரியாது, அதனால் அதில் இந்தக் குழப்பம் எதுவும் நுழையாது. காலை 9.10-க்குத் திரையில் 5 மணி 20 நிமிடம் மிச்சம் என்று இருந்தால், இரண்டையும் கூட்டுங்கள்: 2.30. நீங்கள் போட்ட கணக்கும் அதுவே என்றால் வேலை முடிந்தது. இல்லையென்றால் வித்தியாசத்தைப் பாருங்கள். அரை மணி என்றால் ஐந்தரையில் அரையை விட்டிருக்கிறீர்கள். ஒரு மணி என்றால் கோடைக் கடிகாரம். பன்னிரண்டு மணி என்றால் முற்பகலும் பிற்பகலும் மாறியிருக்கின்றன. சர்வரின் எண்ணுக்கு இரட்டிப்பு என்றால் குறி தலைகீழாகிவிட்டது.

விடை கிடைத்ததும் அதை மணியாக மட்டும் குறித்து வைக்காதீர்கள். ‘பிற்பகல் 2.30, யுடிசி 9 மணி, கோடையிலும் மாறாது’ என்று மூன்றையும் சேர்த்து எழுதி வையுங்கள். நாளை நீங்கள் வேறு நாட்டுக்குப் போனாலும், வேறு நாட்டில் இருக்கும் நண்பருக்குச் சொல்ல நேர்ந்தாலும், அந்த யுடிசி எண்ணிலிருந்து ஒரே ஒரு கூட்டலில் சரியான நேரம் கிடைத்துவிடும்.