வீசா மறுப்புக் கடிதத்தை வாசிப்பது எப்படி?
மீண்டும் விண்ணப்பிப்பதா, மேன்முறையீடு செய்வதா?

திருகோணமலையில் பிள்ளைகளோ சகோதரங்களோ வெளிநாட்டில் வாழும் குடும்பங்கள் பல. லண்டனில் இருக்கும் மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் போக உம்மா விசிட் வீசாவுக்கு விண்ணப்பிப்பார். சில வாரங்களின் பின் இரண்டு மூன்று பக்கங்களில் ஆங்கிலக் கடிதம் ஒன்று வரும். வீட்டில் அதை வாசித்துச் சொல்லும் பொறுப்பு பெரும்பாலும் நம்மைப் போன்ற மாணவிகளுக்கே வந்து சேரும். "வீசா கிடைக்கவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்தால், அதில் உள்ள முக்கியமான செய்தி வீட்டாருக்குத் தெரியாமலே போய்விடும். ஏன் கிடைக்கவில்லை, அடுத்து என்ன செய்யலாம் என்ற இரண்டும் அந்தக் கடிதத்திலேயே எழுதப்பட்டிருக்கும். பிரித்தானிய விசிட் வீசாவை எடுத்துக்கொண்டு அதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

கடிதம் என்ன சொல்கிறது?

மறுப்புக் கடிதத்தில் அடிக்கடி வரும் வாக்கியம், "நான் திருப்தியடையவில்லை" என்பதாகும். பலர் இதை "நீங்கள் பொய் சொல்கிறீர்கள்" என்று விளங்கிக்கொண்டு மனம் நொந்துபோகிறார்கள். அதன் பொருள் அதுவல்ல. தன் கூற்றை நிரூபிக்கும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. அதிகாரி நம் ஊரைக் காண்பதில்லை. பெரும்பாலும் நம்மை நேரில் சந்திப்பதும் இல்லை. அவர் முன் இருப்பவை தாள்கள் மட்டுமே. அந்தத் தாள்கள் போதவில்லை என்பதையே அவர் அப்படி எழுதுகிறார்.

ஒவ்வொரு காரணத்தோடும் ஒரு விதி இலக்கம் இருக்கும். விசிட் வீசா மறுப்புகளில் பெரும்பாலும் காணப்படுபவை நான்கு. V 4.2(a) என்றால், பயணம் முடிந்ததும் நாடு திரும்புவீர்கள் என்பதில் ஐயம். V 4.2(c) என்றால், சொன்ன நோக்கத்துக்காகத்தான் வருகிறீர்களா என்பதில் ஐயம். V 4.2(e) என்றால், வேலை செய்யாமலும் அரச உதவி பெறாமலும் பயணத்தை முடிக்கப் பணம் போதுமா என்பதில் ஐயம். V 4.3 என்பது வேறொருவர் செலவை ஏற்பதாகச் சொல்லும்போது வருவது. அவருக்கும் உங்களுக்கும் உண்மையான உறவு உண்டா, அவரால் செலவு செய்ய முடியுமா, செய்வாரா என்பதைக் காட்ட வேண்டும்.

ஒரு குடும்பத்தின் கதை

விளக்கத்துக்காக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். வாப்பாவுக்குச் சொந்தமாக ஓர் இயந்திரப் படகு உண்டு. மூத்த மகள் கணவருடன் லண்டனில் இருக்கிறார். ஏப்ரலில் பிரசவம். இளைய மகள் இங்கே உயர்தரம் படிக்கிறாள். உம்மா பெப்ரவரியில் மூன்று மாதப் பயணத்துக்கு விண்ணப்பிக்கிறார். குடும்ப வருமானம் மாதம் ஒன்றரை இலட்சம் ரூபா என்று படிவத்தில் எழுதுகிறார்கள். ஆறு மாத வங்கிக் கூற்றை இணைக்கிறார்கள். மருமகன் செலவை ஏற்பதாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். மார்ச்சில் மறுப்பு வருகிறது.

முதற் காரணம் பணம். ஜனவரியில் கணக்கில் ஒரே தடவையாகப் பன்னிரண்டு இலட்சம் ரூபா வந்திருக்கிறது. மற்ற மாதங்களில் முப்பது, நாற்பதாயிரம்தான் வைப்பாகியிருக்கிறது. இது சொல்லப்பட்ட வருமானத்தோடு பொருந்தவில்லை என்கிறது கடிதம்.

இந்த வீட்டில் யாரும் பொய் சொல்லவில்லை. கிழக்குக் கரையில் நவம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றின் காலம். கடல் கொந்தளிக்கும், தொழில் படுத்துவிடும். இணைத்த ஆறு மாதங்களில் பெரும்பகுதி அந்த மாதங்களே. பன்னிரண்டு இலட்சமோ பழைய படகு ஒன்றை விற்று வந்த காசு. இது நம்மூரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் அதிகாரியின் கண்ணுக்கு, வீசாவுக்காக யாரிடமோ வாங்கிக் கணக்கில் போட்டுக் காட்டிய பணமாகவே அது தெரியும்.

இதற்கு விடை இன்னும் அதிகப் பணத்தை வைப்புச் செய்வதல்ல. இருக்கும் பணத்தின் வழியைக் காட்டுவது. மீன்பிடிப் பருவமும் அடங்கும்படி பன்னிரண்டு மாத வங்கிக் கூற்று வேண்டும். படகின் பதிவும் மீன் விற்ற பற்றுச்சீட்டுகளும் வேண்டும். பழைய படகை விற்ற உடன்படிக்கையும், உரிமை மாற்றியதற்கான பதிவும் வேண்டும். இவற்றோடு, எந்த மாதங்களில் ஏன் வருமானம் குறைகிறது என்று ஒரு பக்கத்தில் எழுதிய விளக்கக் கடிதம் ஒன்றும் வேண்டும்.

இரண்டாவது காரணம் மருமகன். "செலவை நான் ஏற்கிறேன்" என்ற கடிதம் வாக்குறுதி மட்டுமே; வசதிக்குச் சான்றாகாது. அவருடைய சம்பளச் சீட்டுகள், வங்கிக் கூற்று, வீட்டு வாடகை ஒப்பந்தம், அங்கே வாழும் உரிமையைக் காட்டும் ஆவணம் என்பன இல்லை. உறவைக் காட்ட மகளின் பிறப்புச் சான்றிதழும் விவாகச் சான்றிதழும் தேவை. இங்கே நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரே பெயர் கடவுச்சீட்டில் ஒரு விதமாகவும், தேசிய அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும், பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பில் மற்றொரு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். முஹம்மது என்ற பெயரை மட்டும் எத்தனை விதமாக எழுதுகிறோம்! அதிகாரிக்கு இவை வெவ்வேறு ஆட்களாகத் தெரியலாம். எல்லாப் பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்ற சத்தியக் கடதாசியை இணைப்பது நல்லது. மொழிபெயர்ப்பில் மொழிபெயர்த்தவரின் பெயர், ஒப்பம், திகதி, தொடர்பு விபரம், மொழிபெயர்ப்புச் சரியானது என்ற உறுதிமொழி ஆகியவை இருக்க வேண்டும்.

மூன்றாவது காரணம் நாடு திரும்புவது பற்றியது. உம்மாவை இங்கே கட்டிப்போடுவது எது என்று தாள்கள் சொல்லவில்லை. கணவர் இங்கே இருக்கிறார், இளைய மகள் பரீட்சைக்கு ஆயத்தமாகிறாள், வீடு சொந்தம். இவை உண்மையாக இருந்தும் விண்ணப்பத்தில் இல்லை. பாடசாலைக் கடிதமும் காணி உறுதியும் இதைச் சொல்லும். மூன்று மாதத்தை ஆறு வாரமாகக் குறைத்தால் செலவும் குறையும், கேள்வியும் குறையும்.

நோக்கத்தை எழுதும் விதத்திலும் கவனம் தேவை. "பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன்" என்று நாம் சாதாரணமாகச் சொல்வோம். பாட்டி சிறிது காலம் தங்கிக் குழந்தையைக் கவனிப்பதற்கு அவர்களின் வழிகாட்டல் இடமளிக்கிறது. ஆனால் அது பிள்ளை பராமரிக்கும் வேலையாகத் தோன்றினால் மறுப்பார்கள். எத்தனை வாரம், எங்கே தங்குவது, மகள் எப்போது வேலைக்குத் திரும்புவார், அதன்பின் குழந்தையை யார் கவனிப்பார் என்பவற்றைத் தெளிவாக எழுத வேண்டும்.

மேன்முறையீடு யாருக்கு உண்டு?

கடிதத்தின் கடைசிப் பகுதியை அவசியம் வாசிக்க வேண்டும். மேன்முறையீட்டு உரிமை உண்டா இல்லையா என்பது அங்கேதான் இருக்கும்.

உறவினரைப் பார்க்கச் செல்வோருக்கு முன்பு முழு மேன்முறையீட்டு உரிமை இருந்தது. 2013 ஜூன் 25 முதல் அது நீக்கப்பட்டது. அந்தக் காலத்தில் மேன்முறையீடு செய்து வென்றவர்கள் இன்றும் "அப்பீல் போடுங்கள்" என்று அறிவுரை சொல்வதுண்டு. இன்று விசிட் வீசாவுக்கு மனித உரிமை அடிப்படையில் மட்டுமே அவ்வழி திறந்திருக்கிறது. அதுவும் ஒடுக்கமான வழி. 2015இல் மொஸ்தபா என்பவரின் வழக்கில் பிரித்தானியாவின் மேல் தீர்ப்பாயம் இதைத் தெளிவாக்கியது. கணவன், மனைவி போன்ற வாழ்க்கைத் துணைகள், அல்லது பெற்றோரும் வயது வராத பிள்ளையும் என்ற உறவுகளுக்கு அப்பால், குடும்ப வாழ்வு உரிமை மீறப்பட்டதென்று காட்டுவது மிக அரிது என்றது. மணமுடித்த மகளைப் பார்க்கப் போகும் உம்மா பெரும்பாலும் இதற்குள் அடங்கமாட்டார்.

அதிகாரி சட்டப்படி பிழையாக நடந்திருந்தால், உதாரணமாக நாம் இணைத்த ஆவணத்தை "இல்லை" என்று எழுதியிருந்தால், நீதித்துறை மீளாய்வு கோரலாம். அதற்கு மூன்று மாதத்துக்குள், அங்குள்ள சட்டத்தரணி ஒருவர் மூலம் இறங்க வேண்டும். செலவு மிக அதிகம்.

துணைவர் வீசா வேறு. கணவனுடனோ மனைவியுடனோ வாழப் போக விண்ணப்பித்து மறுக்கப்பட்டால் பொதுவாக மேன்முறையீடு உண்டு. நாட்டுக்கு வெளியே இருப்பவர் கடிதம் கிடைத்து 28 நாட்களுக்குள் செய்ய வேண்டும். மாணவர் வீசாவுக்கு மேன்முறையீட்டுக்குப் பதிலாக நிர்வாக மீளாய்வு உண்டு; அதற்கும் 28 நாட்கள். அதிகாரி பிழை விட்டாரா என்று மட்டுமே அதில் பார்ப்பார்கள். நாம் மறந்த ஆவணத்தைப் பிறகு கொடுத்துத் திருத்திக்கொள்ள அது இடமல்ல.

எப்போது மீண்டும் விண்ணப்பிப்பது?

ஆகவே நம் கதையிலுள்ள உம்மாவுக்கு உள்ள வழி புதிய விண்ணப்பமே. இத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. இங்கேதான் குடும்பம் தடுமாறும். பிரசவத்துக்கு மூன்று நான்கு வாரமே இருக்கிறது. அதே தாள்களோடு உடனே விண்ணப்பித்தால் அதே பதில்தான் வரும்; மறுப்பு ஒன்று இரண்டாகும். விண்ணப்பக் கட்டணம் திரும்பக் கிடைப்பதில்லை. 2025 ஏப்ரலில் அது 127 பவுணானது. கைரேகைக்காகக் கொழும்புக்கும் மறுபடி போக வேண்டும். பிரசவத்துக்குப் போகும் ஆசையை விட்டு, தாள்களைச் சேர்த்து, பிறந்த குழந்தையைப் பார்க்கப் போவதாக மே மாதம் விண்ணப்பிப்பதே நல்லது. மகளுக்கு அது வலிக்கும். ஆனால் இரண்டாவது மறுப்பு இருவரையும் இன்னும் நீண்ட காலம் பிரித்து வைக்கக்கூடும்.

புதிய விண்ணப்பத்தில் முந்திய மறுப்பைக் கட்டாயம் சொல்ல வேண்டும். படிவம் அதைக் கேட்கும். அவர்களிடம் பதிவும் இருக்கும். மறைத்தால் அது ஏமாற்று. போலி வங்கிக் கூற்று செய்து தருவதாகச் சொல்லும் தரகர்களின் பேச்சைக் கேட்டாலும் அதே கதிதான். ஏமாற்று என்று முடிவானால் பத்து ஆண்டுகள் தடை வரலாம். ஆவணப் பற்றாக்குறையால் வந்த மறுப்பைத் தாளால் சரிசெய்யலாம். இதை அப்படிச் சரிசெய்ய முடியாது. கடிதத்தில் "போலி", "ஏமாற்று" என்ற பொருளில் ஏதும் இருந்தால், மறுவிண்ணப்பத்துக்கு முன் குடிவரவுச் சட்டம் அறிந்த சட்டத்தரணியிடம் காட்டியே ஆக வேண்டும்.

மற்றக் கடிதங்களுக்கு ஒரு தாளும் பேனையும் போதும். இடப்பக்கம் கடிதம் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள். வலப்பக்கம் அதற்கு விடையாகக் கையிலுள்ள புதிய ஆவணத்தின் பெயரை எழுதுங்கள். வலப்பக்கத்தில் ஒரு வரி வெறுமையாக இருந்தாலும் இன்னும் விண்ணப்பிக்கும் நேரம் வரவில்லை.