ஒரே கம்பெனியில் மூன்று வேலை: எதற்கு விண்ணப்பிப்பது?

ஸ்ரீசிட்டியிலோ ஒரகடத்திலோ ஒரு கம்பெனி உற்பத்தி, தரச் சோதனை, பராமரிப்பு என மூன்றுக்கும் ஆள் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, ஒரு வருடம் வெர்னியரிலும் மைக்ரோமீட்டரிலும் பாகங்களை அளந்த நம் பிள்ளை எதற்கு விண்ணப்பிப்பது?

மூன்று விளம்பரங்களிலும் ‘கட்டாயம்’ என்று கேட்டிருப்பதை மட்டும் எழுதுங்கள். ‘இருந்தால் நல்லது’ என்பதை இப்போதைக்கு விட்டுவிடலாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே, பயோடேட்டாவில் அதற்குச் சான்றான வரியைக் குறியுங்கள்.

பராமரிப்புக்கு மின்சுற்று அனுபவம் கேட்டிருந்தால் அந்த இடம் காலியாகவே நிற்கும். உற்பத்திக்கு டிப்ளமோ போதும். ஆனால் அளவெடுத்த ஒரு வருடத்துக்கு அங்கே பெரிய மதிப்பில்லை. தரச் சோதனையில் இரண்டுமே பொருந்தும். அதற்கே விண்ணப்பியுங்கள்.

மூன்றுக்கும் ஒரே பயோடேட்டாவை அனுப்பினால், பெரும்பாலும் ஒரே அதிகாரிதான் பார்ப்பார். பிள்ளைக்கு எந்த வேலை தெரியும் என்பதே அவருக்குப் பிடிபடாது.