இஸ்கூலும் இத்தாலிய ‘லோ’வும்

‘மாணவன் ஸ்டேஷனில் பையை மறந்துவிட்டான்.’ இதை ஆங்கிலத்தில் சொன்னால் மாணவனுக்கும் பைக்கும் ஸ்டேஷனுக்கும் ஒவ்வொரு ‘தி’ வரும். மூன்றும் ஒரே ‘தி’தான். இத்தாலியில் சொல்லிப் பாருங்கள்: ‘லோ ஸ்துதென்தே ஆ திமென்திகாத்தோ லோ ட்ஸாய்னோ அல்லா ஸ்தாட்ஸியோனே.’ மாணவனுக்கு ‘லோ’, முதுகுப்பைக்கு ‘லோ’, ஸ்டேஷனுக்கு ‘லா’. அது ‘ஆ’ என்ற சொல்லோடு ஒட்டி ‘அல்லா’ ஆகிவிட்டது. இவற்றைத் தவிர ‘இல்’ என்று இன்னொன்றும் உண்டு. எதை எங்கே போடுவது என்பதில்தான் இத்தாலியம் படிக்க வருகிறவர்கள் முதலில் தடுமாறுகிறார்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. வரிசை மாறக் கூடாது. முதல் கேள்வி: இந்தச் சொல் ஆண்பாலா, பெண்பாலா? தமிழில் பால் பார்ப்பது பெரும்பாலும் மனிதருக்கு. சாவியும் பையும் அஃறிணை, அத்தோடு விஷயம் முடிந்தது. இத்தாலியத்தில் அஃறிணைக்கென்று தனி இடம் கிடையாது. சாவி பெண்பால், பால் ஆண்பால். பொருளைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆங்கிலச் சொல்லும் உதவாது. ‘கேபிடல்’ என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு இத்தாலியத்தில் ‘லா கபிதாலே’ என்றால் தலைநகரம், ‘இல் கபிதாலே’ என்றால் மூலதனம். மொழிபெயர்ப்பவர் பாலைத் தவறவிட்டால் பொருளே மாறிவிடும்.

சொல்லின் கடைசி எழுத்து ஓரளவு வழிகாட்டும். ‘ஓ’வில் முடிந்தால் பெரும்பாலும் ஆண்பால், ‘ஆ’வில் முடிந்தால் பெரும்பாலும் பெண்பால். ‘ஏ’யில் முடிந்தால் மட்டும் எதுவும் சொல்ல முடியாது. பால் ‘இல் லாத்தே’, சாவி ‘லா கியாவே’. நான் முதலில் எழுதிய சொற்பட்டியலில் ‘சாவி – கியாவே’ என்று மட்டும் குறித்து வைத்திருந்தேன். அது பாதிச் சொல். ‘லா கியாவே’ என்று ஒரே மூச்சில் மனப்பாடம் செய்தால்தான் பிறகு கைகொடுக்கும்.

பெண்பால் என்று தெரிந்துவிட்டால், மெய்யொலிக்கு முன் எப்போதும் ‘லா’. ஆண்பால் என்றால்தான் இரண்டாவது கேள்வி: அடுத்து வரும் ஒலி எது? சாதாரண மெய்யொலி என்றால் ‘இல்’: புத்தகம் ‘இல் லீப்ரோ’. ‘ஸ்’ஸோடு இன்னொரு மெய் சேர்ந்து வந்தாலோ, ‘ட்ஸ’ ஒலியில் தொடங்கினாலோ ‘லோ’. இன்னும் சில ஒலிகள் உண்டு. தொடக்கத்துக்கு இவை இரண்டு போதும். உயிரொலிக்கு முன் ‘லோ’வும் ‘லா’வும் தம் உயிரை இழந்து வெறும் ‘ல்’லாகி அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்ளும்.

ஏன் இந்த ‘லோ’? நம் பாட்டிமார் ஸ்கூலை ‘இஸ்கூல்’ என்பார்கள். சொல்லின் முதலிலேயே இரண்டு மெய் மோதினால் நாக்கு ஓர் உயிரை முன்னால் வைத்து வழி பண்ணிக்கொள்கிறது. இத்தாலிய நாக்குக்கும் அதே சங்கடம்தான். ‘இல் ஸ்துதென்தே’ என்றால் ல், ஸ், த் மூன்றும் இடித்துக்கொள்ளும். ‘லோ’ உயிரில் முடிவதால் சிக்கல் அவிழ்கிறது. ‘எழுத்துமூலமாக’ என்பதற்கு இத்தாலியர் இன்றும் ‘பெர் இஸ்கிரித்தோ’ என்கிறார்கள். அங்கே முன்னால் நிற்பது அச்சு அசல் நம் இஸ்கூலின் ‘இ’தான்.

காரணம் புரிந்தால் வழக்கமான பிழையும் பிடிபடும். ‘ஸ்தா’ என்று தொடங்குவதைப் பார்த்து ‘லோ ஸ்தாட்ஸியோனே’ என்று எழுதிவிடுவார்கள். ஒலியை முதலில் பார்த்ததால் வந்த வினை அது. ஸ்டேஷன் பெண்பால். ‘லா’ ஏற்கெனவே உயிரில் முடிகிறது. மோதலே இல்லை, மாற்றவும் தேவையில்லை. ஆங்கிலத்தில் ‘ஷன்’ என்று முடிந்து இத்தாலியத்தில் ‘ட்ஸியோனே’ ஆகும் சொற்கள் பெண்பாலே என்பதும் நினைவில் வைக்கத் தக்கது.

இன்னொன்று: இரண்டாவது கேள்வி பெயர்ச்சொல்லைப் பற்றியதல்ல, பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பற்றியது. நாம் ‘ஓர் ஊர்’ என்று எழுதி, ‘ஒரு சிற்றூர்’ என்று மாற்றுவதில்லையா? முதல் வாக்கியத்துக்கே திரும்புவோம். மாணவன் புதியவன் என்றால் ‘இல் நுவோவோ ஸ்துதென்தே’. பை பழையது என்றால் ‘இல் வெக்கியோ ட்ஸாய்னோ’. இரண்டு ‘லோ’வும் போய்விட்டன, ஆனால் பால் மாறவில்லை. ஸ்டேஷனைப் பழையதாக்கினாலும் ‘அல்லா வெக்கியா ஸ்தாட்ஸியோனே’; ‘லா’ அசையாது. மறந்துவிட்டவள் மாணவி என்றால் சொல்லே ‘லா ஸ்துதென்தேஸ்ஸா’ ஆகிவிடும். ஆங்கில வாக்கியத்தில் ‘ஸ்டூடண்ட்’ என்று மட்டும் இருந்தால், அது ஆணா பெண்ணா என்று முன்பின் பக்கங்களில் தேடிவிட்டுத்தான் மொழிபெயர்ப்பவர் பேனாவை எடுக்க முடியும்.

ஆங்கிலத்திலிருந்து அப்படியே போன சொற்களும் இந்த இரு கேள்விகளுக்கும் உட்பட்டவைதான். கம்ப்யூட்டர் ‘இல்’, ஸ்போர்ட் ‘லோ’, மெயில் ‘லா’. ஸ்மார்ட்போன் கடையில் இருக்கும்போது ‘லோ ஸ்மார்ட்போன்’. வாங்கி ‘என்னுடையது’ ஆனதும் ‘இல் மியோ ஸ்மார்ட்போன்’.