வெளுத்ததெல்லாம் பால் அல்ல

குளோனிங் என்றால் பலருக்கும் டாலி ஆடுதான் நினைவுக்கு வரும். சோதனைக்கூடங்களில் அன்றாடம் நடக்கும் குளோனிங் அதைவிட மிகச் சிறிய காரியம். நமக்கு வேண்டிய ஒரு மரபணுத் துண்டை பிளாஸ்மிட் என்ற வட்ட டிஎன்ஏவுக்குள் ஒட்டி, அந்த வட்டத்தை ஈ.கோலி பாக்டீரியாவுக்குள் புகுத்திவிட்டால் போதும். பாக்டீரியா பெருகும்போது துண்டும் கூடவே பெருகும்.

துண்டு உள்ளே போனதா என்பதைக் கண்டறிவதுதான் சிக்கல். வட்டத்தை நொதியால் வெட்டித் திறந்து, துண்டையும் ஒட்டு நொதியையும் சேர்த்து வைத்தால், பெரும்பாலான வட்டங்கள் துண்டைக் கண்டுகொள்ளாமல் தம் இரு முனைகளையும் தாமே சேர்த்து மூடிக்கொள்ளும். பிளாஸ்மிட்டில் ஆம்பிசிலின் மருந்தைத் தாங்கும் மரபணு இருப்பதால், மருந்து கலந்த அகார் தட்டில் பிளாஸ்மிட் உள்ள பாக்டீரியாக்கள் மட்டும் பிழைத்துக் காலனிகளாக வளரும். ஆனால் வெறும் வட்டத்தை வாங்கியதும் துண்டுள்ள வட்டத்தை வாங்கியதும் ஒன்றுபோலவே வளரும். இவற்றைப் பிரித்துக் காட்டத்தான் நீலமும் வெள்ளையும் வந்தன.

இதற்கு அடிப்படையான கண்டுபிடிப்பு 1967இல் பாரிஸின் பாஸ்தர் நிறுவனத்தில் நடந்தது. ஆக்னெஸ் உல்மன், பிரான்சுவா ஜாக்கோப், ஜாக் மோனோ ஆகிய மூவரும் ஈ.கோலியின் பீட்டா-கேலக்டோசிடேஸ் என்ற நொதியில் ஒரு வினோதத்தைக் கண்டார்கள். ஆயிரத்துச் சொச்சம் அமினோ அமிலங்கள் கொண்ட நீண்ட புரதம் அது. அதன் தொடக்கப் பகுதியில் கொஞ்சம் வெட்டுப்பட்டால் நொதி செயலிழந்துவிடும். அந்தத் தொடக்கப் பகுதியைத் தனிச் சிறு புரதமாகக் கொடுத்தாலோ, இரண்டும் ஒன்றுசேர்ந்து மீண்டும் வேலை செய்யும். இதற்கு ஆல்பா நிரப்பல் என்று பெயர். 1970களின் பிற்பாதியில் ஜெர்மனியில் யோவாகிம் மெஸ்ஸிங் இதைக் குளோனிங்குக்குக் கருவியாக்கினார். பின்னர் அவரும் உடன் உழைத்தவர்களும் உருவாக்கிய பியூசி19 என்ற 2,686 எழுத்துகள் கொண்ட சிறு வட்டம் இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது.

ஏற்பாடு இப்படி. பாக்டீரியாவிடம் தொடக்கத்தில் 11 முதல் 41 வரையிலான அமினோ அமிலங்கள் இல்லாத ஊன நொதி இருக்கும். பியூசி19 அந்தக் குறையைத் தீர்க்கும் ஆல்பா சிறுபுரதத்தைத் தரும். ஆல்பா மரபணுவின் நடுவில்தான், அதன் வாசிப்பைக் கெடுக்காத விதத்தில், வெட்டு நொதிகள் வெட்டுவதற்கான இடங்கள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கின்றன. தட்டில் எக்ஸ்-கால் என்ற வேதிப்பொருளைத் தடவுவார்கள். வட்டம் வெறுமனே மூடிக்கொண்டிருந்தால் ஆல்பா உருவாகும், நொதி முழுமை பெறும், எக்ஸ்-காலில் உள்ள சர்க்கரையைப் பிய்த்தெறியும். மிஞ்சும் பகுதிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து நீலமாகும். அவுரி இலையை ஊறவைத்துக் கலக்கி எடுக்கும் நீலத்தின் வேதியியலும் ஏறக்குறைய இதுதான். அவுரியில் பிரிகிற சர்க்கரை குளுக்கோஸ், இங்கே கேலக்டோஸ். சாயத்தில் குளோரினும் புரோமினும் கூடுதலாக இருக்கின்றன, அவ்வளவே.

துண்டு நடுவில் நுழைந்துவிட்டால் ஆல்பாவின் வாசிப்பு கெட்டுப்போகும், நொதி உருவாகாது, காலனி வெள்ளையாகவே நிற்கும். ஆகவே வெள்ளையைப் பொறுக்கு என்பது பாடம்.

பாடம் சரிதான், ஆனால் அதில் ஒரு ஓட்டை உண்டு. நீலம் என்பது ஒன்று நடந்ததற்கான சாட்சி. வெள்ளையோ ஒன்று நடக்கவில்லை என்பதற்கான சாட்சி மட்டுமே. ஒரு வீட்டில் விளக்கு எரியவில்லை என்றால் ஆள் அணைத்திருக்கலாம், பல்பு போயிருக்கலாம், தெருவுக்கே மின்சாரம் இல்லாமலும் இருக்கலாம். துண்டு நுழைந்தது என்பது வெள்ளைக்கான காரணங்களில் ஒன்றுதான்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 700 எழுத்து நீள மரபணு ஒன்றை வேறொரு பிளாஸ்மிட்டிலிருந்து பிசிஆர் மூலம் நகலெடுத்து, இரு முனைகளையும் ஈகோ-ஆர்-ஒன் நொதியால் வெட்டி, அதே நொதியால் திறந்த பியூசி19இல் ஒட்டுகிறோம். டிஎச்5-ஆல்பா வகை பாக்டீரியாவுக்குள் ஏற்றி, 37 டிகிரியில் இரவு முழுக்க வளர்க்கிறோம். காலையில் தட்டில் நிறைய நீலம், கூடவே முப்பது வெள்ளை. எட்டு வெள்ளைகளை வளர்த்து, பிளாஸ்மிட்டை எடுத்து, மறுபடி ஈகோ-ஆர்-ஒன் போட்டு ஜெல்லில் ஓட்டுகிறோம். சரியான காலனியென்றால் 2,700 அளவில் ஒரு கோடும் 700 அளவில் இன்னொன்றும் தெரிய வேண்டும். எட்டில் ஒன்றுதான் அப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மற்ற ஏழின் கதை என்ன?

ஜெல்லில் முதலில் கண்ணில் படுவது, நொதி போட்டும் வெட்டுப்படாத பிளாஸ்மிட். வெட்டாமல் ஓட்டிய மாதிரியும் வெட்டச் சொன்ன மாதிரியும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே வடிவத்தில் ஓடியிருக்கும். ஹிண்ட்-த்ரீ என்ற இன்னொரு நொதியைப் போட்டால் மட்டும் 2,700இல் ஒற்றைக் கோடாக நேராகும். இதற்கு ஒரே பொருள்தான் உண்டு: வட்டம் பியூசி19தான், ஆனால் அதில் ஈகோ-ஆர்-ஒன் வெட்டும் இடம் காணாமல் போயிருக்கிறது. வெட்டு நொதியோடு கலந்து வந்த வேறு நொதியோ, அளவுக்கு மீறி நேரம் கொடுத்த வெட்டோ, திறந்த முனைகளிலிருந்து சில எழுத்துகளைக் கொறித்துவிட்டது. கொறிபட்ட முனைகள் பிறகு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

சில எழுத்துகள் போனால் என்ன என்று தோன்றலாம். மரபணு மூன்று மூன்று எழுத்துகளாக வாசிக்கப்படுகிறது. ஈகோ-ஆர்-ஒன் வெட்டும்போது நான்கு எழுத்துகள் ஒற்றை இழையாக நீட்டிக்கொண்டிருக்கும். இரு முனைகளிலும் அவை போய்விட்டால் வட்டத்திலிருந்து AATT குறையும். அந்த இடம் முன்பும் பின்பும் இப்படி இருக்கும்:

```
AGC TCG AAT TCA CTG GCC GTC
AGC TCG CAC TGG CCG TC
```

மேல் வரியில் இருப்பது ஒழுங்கான ஆல்பா. கீழ் வரியில் TCG வரை சரி, அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு மூன்றும் நழுவிவிட்டது. ஆல்பாவின் வேலை செய்யும் பகுதி இதற்கு அப்பால்தான் இருக்கிறது, அது உருப்படியாக வராது. ஆகவே காலனி வெள்ளை. உள்ளே துண்டு ஏதும் இல்லை, நான்கு எழுத்துகள் குறைந்ததைத் தவிர எதுவும் நடக்கவில்லை. மூன்றோ ஆறோ எழுத்துகள் போயிருந்தால் வாசிப்பு நழுவாது, ஓரிரு அமினோ அமிலங்கள் குறைந்த ஆல்பா பெரும்பாலும் நீலமே காட்டும். கொறிப்பு மூன்றின் மடங்கில் விழாதபோதெல்லாம் வெள்ளை வரும். துண்டில்லாத வெள்ளைகளைத் தேடும்போது நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

அடுத்தது ஜெல்லில் வேறு அளவில் ஓடும் பிளாஸ்மிட். 2,700ஐவிடப் பெரிதாக, எதிர்பாராத இடத்தில் கோடு. இங்கே நாமே கொண்டுவந்த விருந்தாளி ஒன்று இருக்கிறது: பிசிஆருக்கு மூலமாக வைத்த பழைய பிளாஸ்மிட். அதிலும் ஆம்பிசிலின் மரபணு இருந்து, ஆல்பா இல்லாமல் இருந்தால், அதைப் பெற்ற பாக்டீரியா தட்டில் ஜோராக வளரும், வெள்ளையாகவும் இருக்கும். அளவு துளியிலும் துளிதான். ஆனாலும் வெட்டுப்படாத முழு வட்டம் பாக்டீரியாவுக்குள் புகும் வேகத்துக்கு, அரைகுறையாக ஒட்டிய வட்டங்கள் பக்கத்தில்கூட வர முடியாது. மோசமான விஷயம், அதே மரபணு அதிலும் இருப்பதால், மரபணுவுக்கான பிரைமர்களைக் கொண்டு காலனியைப் பிசிஆரில் சோதித்தால் துண்டு இருக்கிறது என்றே பதில் வரும். வட்டத்தில் அமைந்த பிரைமர் ஒன்றாவது சோதனையில் இருக்க வேண்டும். தடுக்க எளிய வழி டிபிஎன்-ஒன் நொதி. ஈ.கோலியில் வளர்ந்த டிஎன்ஏவில் மீத்தைல் குறி இருக்கும், பிசிஆர் நகலில் இருக்காது. குறியுள்ளதை மட்டும் இந்த நொதி துண்டுதுண்டாக்கிவிடும்.

சிலவற்றில் பிளாஸ்மிட்டே கிடைக்காது. பெரிய காலனியைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாக முளைக்கும் துணைக் காலனிகள் இவை. பெரிய காலனி வெளிவிடும் நொதி சுற்றிலும் ஆம்பிசிலினைச் சிதைத்துவிடுவதால், பிளாஸ்மிட் இல்லாத பாக்டீரியாவும் அந்த நிழலில் பிழைக்கிறது. புதிய ஆம்பிசிலின் தட்டில் கோடிழுத்தால் வளராது. தட்டை ஒரு நாளுக்கு மேல் சூட்டில் விட்டால் இவை பெருகும்.

ஜெல்லில் 2,700இல் ஒரே கோடு, ஈகோ-ஆர்-ஒன் இடமும் பத்திரம், ஆனாலும் காலனி வெள்ளை என்பதும் நடக்கும். சிறு துண்டு ஓடிப்போய்க் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். பிரைமர்கள் தங்களுக்குள் ஒட்டி உண்டான சில்லறைகள் இப்படி உள்ளே நுழைவதுண்டு. எக்ஸ்-கால் தட்டின் அந்த ஓரத்துக்குப் போகாமலும் இருந்திருக்கலாம், காலனி இன்னும் இளசாக இருந்திருக்கலாம். தட்டைச் சில மணி நேரம் 4 டிகிரியில் வைத்தால் தயங்கிய நீலம் துலங்கும்.

பாக்டீரியாவே காரணமாவதும் உண்டு. டிஎச்5-ஆல்பாவில் ஊன நொதியின் மரபணு குரோமோசோமில் பத்திரமாக இருக்கிறது. ஜேஎம்109 என்ற வகையிலோ அது எஃப் என்ற தனி வட்டத்தில் இருக்கிறது. சத்தான ஊடகத்திலேயே தலைமுறை தலைமுறையாக வளர்த்தால் சில செல்கள் அந்த வட்டத்தைத் தொலைத்துவிடும். பிறகு ஆல்பாவுக்குத் துணை ஏது? பியூசி19 முழுதாக இருந்தும் காலனி வெள்ளை. இதைக் கண்டுபிடிக்க, வெட்டாத பியூசி19ஐ அந்த பாக்டீரியாவுக்குள் தனியாக ஏற்றினால் போதும். அந்தத் தட்டில் எல்லாமே நீலமாக வர வேண்டும். வெள்ளை எட்டிப்பார்த்தால் கோளாறு பாக்டீரியாவிலோ எக்ஸ்-காலிலோ இருக்கிறது, ஒட்டு வேலையில் இல்லை.

எல்லாவற்றையும்விட அதிகம் சொல்லக்கூடியது இன்னொரு தட்டு. வெட்டிய வட்டத்தையும் ஒட்டு நொதியையும் மட்டும் வைத்து, துண்டே சேர்க்காமல் ஏற்றிய தட்டு அது. அதில் துண்டு நுழைய வழியே இல்லை, ஆகவே அதிலுள்ள வெள்ளை ஒவ்வொன்றும் பொய் வெள்ளை. நம் கணக்கில் துண்டு சேர்த்த தட்டில் முப்பது வெள்ளை, சேர்க்காத தட்டில் இருபத்தைந்து என்றால், எட்டில் ஒன்று மட்டும் சரியாக வந்ததில் ஆச்சரியமே இல்லை. முப்பதில் ஐந்துதான் மெய்யாக இருக்க வாய்ப்பு. துண்டு சேர்க்காத தட்டில் இரண்டே வெள்ளை இருந்து, சோதித்தவை மட்டும் காலியாக இருந்தால், கொறிப்பைக் குறை சொல்ல முடியாது. துண்டோடு வந்ததைத்தான், அதாவது மூலப் பிளாஸ்மிட்டையோ பிரைமர் சில்லறையையோதான், பார்க்க வேண்டும். நீலத்துக்கும் வெள்ளைக்கும் உள்ள விகிதத்தை வைத்து இதைச் சொல்ல முடியாது. வட்டத்தின் முனைகளிலிருந்து பாஸ்பேட்டை நீக்கித் தானாக மூடுவதைத் தடுத்தால் நீலம் மளமளவெனக் குறையும், தட்டு வெளுத்து அழகாகத் தெரியும். பொய் வெள்ளைகள் அதற்கேற்பக் குறைந்திருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

துண்டு மிகச் சிறியதாக இருந்தால் கதை தலைகீழாகவும் திரும்பும். 36 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு, மூன்றின் மடங்கு, நடுவில் நிறுத்தக் குறியீடு எதுவும் இல்லை என்றால், ஆல்பாவில் பன்னிரண்டு அமினோ அமிலங்கள் கூடுமே தவிர வாசிப்பு நழுவாது. காலனி வெளிர் நீலமாகவோ, சில நேரம் நல்ல நீலமாகவோ வரும். அப்படிப்பட்ட தட்டில் வெள்ளைகளை மட்டும் பொறுக்கினால், தேடுகிற காலனிகள் நீலத்தோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விடும்.