பட்டம் கைக்கு வரும் வரை

கடைசி செமஸ்டரில் ஒரு கல்லூரி மாணவர் முடிக்க வேண்டியவை மூன்று: நோ டியூஸ், பட்ட விண்ணப்பம், பட்டமளிப்பு விழாப் பதிவு. மூன்றும் ஒன்றே என நினைத்துக்கொள்வதால்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். இணைப்புக் கல்லூரிகளில் முதலாவது கல்லூரியோடு தீரும் கணக்கு. மற்ற இரண்டும் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை.

நோ டியூஸ் படிவத்தில் நூலகம், ஆய்வகம், விடுதி, விளையாட்டுத் துறை, கட்டணப் பிரிவு என ஒவ்வோர் இடத்திலும் கையெழுத்து வாங்க வேண்டும். பெரும்பாலும் நிற்பது நூலகத்தில்தான். இரண்டாம் ஆண்டில் எடுத்த புத்தகத்தைத் தொலைத்துவிட்ட ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். பல கல்லூரிகளில் அதே புத்தகத்தின் அதே பதிப்பையோ புதிய பதிப்பையோ வாங்கிக் கொடுக்கலாம். இல்லையென்றால் விலையும் அபராதமும் கட்ட வேண்டும். அந்தப் பதிப்பு கடையில் கிடைக்காவிட்டால் தேடியே நாள்கள் போய்விடும். அதுவரை நூலகர் கையெழுத்திட மாட்டார். அந்தக் கையெழுத்து இல்லாமல் கட்டணப் பிரிவிலும் படிவத்தை வாங்க மாட்டார்கள். மாற்றுச் சான்றிதழும், சேரும்போது கட்டிய காப்புத்தொகையும் அப்படியே நிற்கும். செமஸ்டர் தொடங்கியதுமே நூலகக் கணக்கைப் பார்த்திருந்தால் அவருக்கு இந்த அலைச்சல் வந்திருக்காது.

பட்ட விண்ணப்பத்தில் கவனிக்க வேண்டியது பெயர். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே எழுத்தும் இனிஷியலும் இருக்க வேண்டும். அதில் ‘S’ என்று மட்டும் இருக்க, இங்கே அப்பா பெயரை விரித்து எழுதினால், பின்னாளில் சான்றிதழ் சரிபார்ப்பில் இரண்டும் ஒருவர்தானா என்று கேட்பார்கள். பட்டம் தமிழிலும் அச்சாகும் பல்கலைக்கழகங்களில் ண, ன, ள, ல போன்ற எழுத்துகளையும் பார்க்க வேண்டும். பட்டம் அச்சான பிறகு திருத்துவதென்றால் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், மறுபடியும் காத்திருப்பு.

விழாவுக்கு நேரில் வர முடியாதவர்கள் ‘இன் ஆப்சென்ஷியா’ என்று பதிவு செய்து, வராமலே பட்டம் பெறலாம். விழாவுக்குப் பதியவில்லை என்பதால் தேர்ச்சி போய்விடாது. ஆனால் அரியர் இருந்தால் அதை முடித்த பிறகுதான் பட்டத்துக்கு விண்ணப்பிக்க முடியும்.

பட்டம் வரும்வரை வேலைக்கும் மேற்படிப்புக்கும் காட்ட வேண்டியது புரொவிஷனல் சான்றிதழ். தகுதி பெற்ற நாளிலிருந்து 180 நாள்களுக்குள் பட்டம் வழங்க வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2008 ஆம் ஆண்டு விதி. தாமதமானால் இந்த விதியைக் குறிப்பிட்டுத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள்.

கட்டிய பணத்துக்கெல்லாம் ரசீதும், கையெழுத்தான நோ டியூஸ் படிவத்தின் நகலும் பட்டம் கைக்கு வரும்வரை உங்களிடம் இருக்கட்டும்.