சிறுகதையில் மன்னிப்புக் காட்சி

மாணவர் எழுதும் சிறுகதைகளிலே பகை தீரும் கட்டம் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் அமைந்துவிடுகின்றது. தீங்கு செய்தவன் வருகின்றான், கண்ணீர் சொரிகின்றான், தீங்குற்றவன் அவனைத் தழுவிக்கொள்கின்றான், கதை முடிகின்றது. வாசகன் மட்டும் நம்புவதில்லை. பல பக்கம் வளர்ந்த பகை பத்து வரியிற் கரைந்துபோனால், அப்பகையே பொய்யோ என்ற ஐயம் அவனுக்கு எழுகின்றது. இக்குறையை உணர்ந்த சிலர், தீங்கு செய்தவனைக் கொடிய நோயாளியாக்கிப் படுக்கையிற் கிடத்திவிடுகின்றனர். அது குறையைப் பெருக்குமேயன்றித் தீர்க்காது. சாகக் கிடப்பவன்மேல் எவர்க்கும் இரக்கம் பிறக்கும். இரக்கம் வேறு, மன்னிப்பு வேறு.

மன்னித்தல் ஒருவகையிற் கடனைத் தள்ளிவிடுதல் போன்றது. தள்ளப்பட்ட கடன் எவ்வளவு என்று அறியாதவனுக்குத் தள்ளியவனது செயலின் அருமை விளங்காது. ஆதலின் அக்காட்சியிலே, இருவர் முன்னிலையிலும், அந்தக் கணக்கு வாய்விட்டுச் சொல்லப்படுதல் வேண்டும். இரண்டு பக்கக் காட்சியில் இதனை எங்ஙனம் நிகழ்த்துவது என்பதை ஒரு கதை கொண்டு பார்ப்போம். கதை யாம் புனைந்தது. மாந்தர் எவரும் உண்மையானவரல்லர்.

யாழ்ப்பாணத்துச் சிற்றூர் ஒன்றில் அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரு தோட்டக் கிணறு பொது. நான்கு நாளுக்கு ஒருமுறை இன்னார் இறைப்பது என்று தந்தையார் வகுத்துவைத்த முறை உண்டு. ஒரு மாசி மாதத்தில், அண்ணனுடைய புகையிலைக் கன்றுகள் நீருக்கு ஏங்கி நின்றபோது, தம்பி ஏதோ கோபத்தில் கிணற்றடிப் படலையைப் பூட்டிவிட்டான். இரண்டு முறை தவறிற்று, கன்றுகள் காய்ந்தன. அன்றுதொட்டுப் 11 ஆண்டுகளாக இரு வீட்டாருக்கும் நன்மை தின்மையிற் போக்குவரத்து இல்லை. ஒருவர் வீட்டில் மற்றவர் தண்ணீரும் குடிப்பதில்லை. இப்போது தம்பி, தன் மகளின் கலியாணத்துக்குச் சொல்ல, வெற்றிலைத் தட்டத்தோடு அண்ணன் வீட்டு முற்றத்தில் வந்து நிற்கின்றான். அண்ணன் திண்ணையிலிருந்து கயிறு திரித்துக்கொண்டிருக்கின்றான். “இரு” என்று சொல்லவில்லை.

தம்பியின் முதல் வார்த்தை, “நடந்ததை மறந்திடுங்கோ அண்ணை” என்பது. பெரும்பாலான கதைகள் இவ்விடத்திலேயே கண்ணீரைத் திறந்துவிடுகின்றன. ஆனால் இது மன்னிப்பு வேண்டுதல் அன்று, மறதியை வேண்டுதல். செய்த குற்றம் இன்னதென்று அதில் ஒரு சொல்லும் இல்லை. எனவே நம் அண்ணன் கயிற்றிலிருந்து கண்ணெடுக்காமல் ஒரே ஒரு சொற் கேட்கின்றான்:

“எதை?”

காட்சியின் அச்சாணி இந்தச் சொல்லே. படலையைப் பூட்டியவன் எவன் என்பது அண்ணனுக்குத் தெரியாததன்று. செய்தவன் வாயால் அதனை ஒருபோதும் கேட்டிலன், அவ்வளவே. தம்பி சிறிது தடுமாறியபின், “படலையைப் பூட்டினது நான்தான். உங்கடை முறை எண்டு தெரிஞ்சுதான் பூட்டினனான்” என்கின்றான். ‘தெரிஞ்சுதான்’ என்ற அச்சொல்லைக் கவனிக்க. அதனை நீக்கினால் குற்றம் தவறுதலாகிவிடும். தவறுதலைப் பொறுப்பதற்குப் பெருமுயற்சி வேண்டுவதில்லை.

இனி அண்ணன் மனம் இளகலாமோ? இளகலாகாது. தீங்கு செய்தவன் தன் கணக்கைச் சொல்லிவிட்டான். தீங்குற்றவன் கணக்கு இன்னும் மிச்சம். அக்கணக்கில் மற்றவன் அறியாத ஒரு தொகை இருத்தல் நன்று. செய்தவன் தன் குற்றத்தை எப்போதும் குறைத்தே அளந்து வைத்திருப்பான். அவ்வளவுகோல் நம் கண்முன் முறியவேண்டும்.

“கன்று போனதுக்கு நான் அழேல்லை. உன்ரை மச்சாளின்ரை அட்டியல் ஈட்டிலை மூழ்கிப் போச்சு. தெரியுமோ?”

“தெரியாது அண்ணை.”

“அதை மன்னிக்க நான் ஆர்? அவளிட்டைக் கேள்.”

இவ்விடத்தை எழுதுவோர் பலர் தவறவிடுகின்றனர். ஒருவர் பட்ட இழப்பை இன்னொருவர் மன்னித்துவிடும் கதைகள் நம்மிடையே மிகுதி. குடும்பத் தலைவன் கைகாட்டினால் வீடு முழுவதும் மன்னித்ததாகக் கொள்ளப்படுகின்றது. அண்ணன் தன் பங்கைத் தள்ளலாம். மனைவியின் அட்டியலைத் தள்ள அவனுக்கு உரிமை இல்லை. இதனை அவனே உணர்ந்து சொல்லும்போது, வாசகன் முதன்முறையாக, ‘மன்னிப்புக் கிட்டாமலும் போகலாம்’ என்று அஞ்சுகின்றான். அந்த அச்சம் இல்லாத காட்சியில் அருமையும் இல்லை.

உள்ளே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அவள் வாசற்படியில் வந்து நிற்கின்றாள். நெடிய பேச்சு ஒன்றை அவளுக்கு எழுதிக் கொடுக்கும் ஆசை எவர்க்கும் எழும், அடக்கிக்கொள்ள வேண்டும். அவள் கேட்பது இவ்வளவே: “பிள்ளைக்கு அட்டியல் செய்தாச்சோ தம்பி?” அவன் தலைகுனிந்து, “செய்தாச்சு மச்சாள்” என்கின்றான். அவள் உள்ளே போகின்றாள். இங்கே அவள் திரும்பி வருவாளோ மாட்டாளோ என்பது எழுதுபவர்க்கே சிறிது நேரம் தெரியாதிருப்பது நல்லது. அண்ணனின் கை கயிற்றில் ஓடிக்கொண்டேயிருக்கட்டும். புரி ஒன்று பிரிந்துபோக, அவன் அதனை அவிழ்த்து மறுபடியும் திரிக்கட்டும். ‘நெடுநேரம் மௌனம் நிலவிற்று’ என்ற வாக்கியம் காலத்தை உணர்த்தாது. கையின் வேலை உணர்த்தும்.

பின்னர் அவள் ஒரு செம்பு தண்ணீருடன் வருகின்றாள். தம்பியின் கையிற் கொடுக்கவில்லை. திண்ணையின் ஓரத்தில் வைத்துவிட்டு, அவன் நீட்டிய தட்டத்தைப் பாராமலே வாங்கிக்கொள்கின்றாள். அவன் குடிக்கின்றான். அதன்பின்னரே அண்ணன் வாய் திறக்கின்றான்: “முகூர்த்தம் எத்தனை மணிக்கு?”

‘மன்னித்தேன்’ என்ற சொல் காட்சியில் எங்கும் வரவில்லை. 11 ஆண்டு மறுக்கப்பட்ட தண்ணீர் அதனைச் சொல்லிவிட்டது. ஆயின் செம்பு கைக்குக் கை மாறவில்லை என்பதையும் வாசகன் கண்டிருப்பான். இம்மிச்சத்தைத் துடைத்துவிடலாகாது. புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய ‘சாபவிமோசனம்’ இத்தகைய மிச்சத்தின்மேல் எழுந்த கதையே. சாபம் நீங்கிக் கணவனோடு மீண்டும் வாழத் தொடங்கிய அகலிகைக்கு மனம் முற்றும் ஆறுவதில்லை. சீதை தீக்குளித்த செய்தியைக் கேட்டதும் மறுபடியும் கல்லாகின்றாள். மன்னிப்புப் பெற்றவர் நெஞ்சிலும் ஏதோ ஒன்று எஞ்சும் என்பதை அவ்வாசிரியர் அறிந்திருந்தார். நம் காட்சி அத்துணை தூரம் செல்லவேண்டியதில்லை. திண்ணை ஓரத்துச் செம்பு போதும்.

எழுதி முடித்தபின் காட்சியைச் சோதிக்க ஒரு வழி உண்டு. அவள் உள்ளே போகும் இடம் வரை ஒரு சொல்லும் மாற்றாமல் வைத்துக்கொண்டு, அவள் திரும்பி வராத முடிவு ஒன்றை வேறு தாளில் எழுதிப் பார்க்கவேண்டும். தம்பி தட்டத்தோடு படலையைக் கடந்து போகின்றான், அண்ணன் தடுக்கவில்லை. இம்முடிவும் முன்னதைப்போல இயல்பாகத் தோன்றினால் காட்சி சரியாக நிற்கின்றது. அது நம்ப முடியாததாய், வலிந்து ஒட்டியதாய்த் தோன்றினால், மன்னிப்பு முன்னரே தீர்மானிக்கப்பட்டுவிட்டது. அவளுடைய கோபத்துக்குக் கதையில் இடமே தரப்படவில்லை. அப்போது திருத்தவேண்டியது முடிவையன்று, “எதை?” என்ற சொல்லுக்கும் அட்டியல் பற்றிய கேள்விக்கும் இடைப்பட்ட பகுதியையே. பெரும்பாலும் அங்கே தம்பி தன் குற்றத்தை மிக எளிதில் ஒப்புக்கொண்டிருப்பான். அல்லது அண்ணன் பேசத் தொடங்குமுன்னரே அவன் முகத்தில் கனிவு எழுதப்பட்டிருக்கும். அக்கனிவை அடித்துவிடுக.

இன்னும் ஒன்றை அடிக்கவேண்டியிருக்கும். முகூர்த்த நேரத்தைத் தம்பி சொன்னதும், ‘பதினோராண்டுப் பகை பனிபோல் அகன்றது’ என்று ஒரு வரி சேர்க்கப் பேனா தானாகவே விரையும். அவ்வரி வேண்டா. தம்பி நேரத்தைச் சொல்லட்டும். அண்ணன் கயிற்றின் நுனியை முடியட்டும்.