முகமூடிக்குப் பின்னால் – 7: வேதாளன் போருக்குப் போன ஆண்டு

ஹிட்லரின் தாடையில் கேப்டன் அமெரிக்கா குத்துவிட்ட அட்டைப்படத்தைப் போன வாரம் பார்த்தோம். அமெரிக்கா போரில் இறங்குவதற்கு முன்பே அது கடைக்கு வந்துவிட்டது. இந்த வாரம் எக்ஸ்-மென் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் வேதாளன் குறுக்கிட்டுவிட்டான்.

1936இல் லீ ஃபாக் படைத்த வேதாளனை ராணி காமிக்ஸ் படித்தவர்கள் மாயாவி என்பார்கள். அவனுடைய காடு ஆப்பிரிக்காவுக்குப் போனதெல்லாம் பின்னாளில்தான். ஆரம்பத்தில் அது நம் ஆசியப் பக்கத்துக் காடு. 1942 தொடக்கத்தில் அமெரிக்க நாளிதழ்களில் ஓட ஆரம்பித்த கதையில், ஜப்பானியப் படை அந்தக் கரையில் வந்திறங்குகிறது. வேதாளன் காட்டுக் குலங்களைத் திரட்டி, மறைந்திருந்து தாக்குகிறான்.

அதே நாள்களில் நம் ஊரில் என்ன நடந்தது? 1941 டிசம்பர் 8இல் கோத்தா பாருவில் ஜப்பானியர் இறங்கினார்கள். ஜனவரி 31இல், பின்வாங்கிய பிரிட்டிஷ் படை ஜொகூர் பாலத்தை வெடிவைத்து உடைத்தது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. அங்கே வாசகர்கள் காலைக் காப்பியோடு படித்த கதை, இங்கே உலு திராம் சாலையில் நிஜமாகவே நடந்து முடிந்திருந்தது. இதைப் பொருத்திப் பார்த்த பிறகு எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

முடிவுதான் வேறு. காமிக்ஸில் காடு எதிரியை விழுங்குகிறது. நிஜத்தில், காடு தங்களைக் காக்கும் என்று பிரிட்டிஷார் இருந்துவிட, ஜப்பானியர் நல்ல தார்ச்சாலைகளில் சைக்கிள் மிதித்து வந்தார்கள். வழிமறித்த இடங்களில் ரப்பர் தோட்டங்களுக்குள் புகுந்து சுற்றி வளைத்தார்கள். இன்று நம் உலு திராமில் இருக்கும் புலாடா முகாமில் ராணுவத்தினர் காட்டுப் போர் பழகுகிறார்கள். அன்று அந்தப் பயிற்சி இல்லாமல் போனதற்கான விலையைத் தோட்டத்து மக்களும் கொடுத்தார்கள். சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களுக்கு எந்த வேதாளனும் வரவில்லை.

தோற்ற மண்ணில் தாளிலாவது வெல்ல வேண்டும் என்ற தவிப்பு அந்தக் கதையில் தெரிகிறது. அதன் குறையும் தெரிகிறது: மண்ணின் மக்கள் அம்பெய்கிறார்கள், தலைமை தாங்குவது வெள்ளைக்காரன். 1960களில், நாடுகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்றபோது, ஃபாக் இதை ஓரளவு மாற்றினார். வேதாளனின் நாட்டுக்கு லுவாகா என்ற கறுப்பின மருத்துவர் தேர்தலில் வென்று அதிபராகிறார். இப்போது வில்லன், ஆட்சியைப் பறிக்கத் துடிக்கும் பபாபு என்ற உள்நாட்டுத் தளபதி. போர்க்காலத்தில் அந்நியப் படை. விடுதலைக்குப் பின் சொந்த ராணுவம். அச்சம் இடம் மாறியதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய தொடர் வேறு எனக்குத் தெரியவில்லை.

1963இல் பிறந்த எக்ஸ்-மென்னும் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டமும் அடுத்த வாரம். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஜப்பான்காரன் காலத்தில் ஜொகூர்த் தோட்டங்களில் இருந்திருந்தால், அவர்கள் சொன்னதை எழுதி அனுப்புங்கள்.